உஷார்! ‘டெலிவர்டு’ என்று காட்டினாலும் உங்கள் பணம் போகும்

ஆன்லைனில் பொருள் விற்கிறீர்களா? வெளிநாட்டுக்கும் அனுப்புகிறீர்களா? கையில் இருக்கும் வேலையைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு இதைப் படியுங்கள்.

டிராக்கிங்கில் ‘டெலிவர்டு’ என்று வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். பார்சல் போய்ச் சேர்ந்தது, பணம் நம்முடையது என்று அடுத்த ஆர்டரைக் கட்ட உட்கார்ந்துவிடுகிறோம்.

உஷார்! ஆபத்து ஆரம்பிப்பதே அங்கேதான்.

வாங்கியவர் போனில் நாலு தட்டு தட்டி ‘பொருள் வரவில்லை’ என்று புகார் போட்டால் போதும். உங்களுக்கு வந்த பணத்தைச் சந்தைத்தளம் நிறுத்தி வைக்கும். பொருள் போய்ச் சேர்ந்தது என்று நிரூபிக்க வேண்டியது நீங்கள்தான். வரவில்லை என்று சொல்பவர் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை.

மட்டாஞ்சேரியில் ஒரு அக்காவுக்கு நடந்ததைக் கேளுங்கள். பெயர் வேண்டாம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இரண்டு தலைமுறையாக அங்கே இருக்கும் குடும்பம். ஜூ டவுனுக்குப் பக்கத்தில் சின்னக் கடை. பித்தளைப் பூண் போட்ட நெட்டூர் பெட்டிகளைத் தச்சரிடம் செய்யச் சொல்லி விற்கிறார். எல்லாம் புதிதாகச் செய்தவை. (நூறு வருஷம் தாண்டிய பழம்பொருளைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தடை போடுகிறது. ‘ஆன்டிக்’ என்று வாய்க்கு வந்தபடி விளம்பரத்தில் எழுதுகிறவர்களும் உஷார். அது தனிக் கதை.)

2025 பிப்ரவரியில் ஈபே வழியாக அமெரிக்காவிலிருந்து ஒரு ஆர்டர். பெட்டி 690 டாலர், அனுப்பும் செலவு 78 டாலர், ஆக மொத்தம் 768. அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 66 ஆயிரம் ரூபாய். பிப்ரவரி 20-ஆம் தேதி தனியார் கொரியரில் புக் செய்தார். புக்கிங் திரையில் ‘பெறுபவர் கையெழுத்து வேண்டுமா’ என்று ஒரு கட்டம் வந்தது. அதற்குத் தனிக் கட்டணம். ‘எதுக்கு வீண் செலவு, டிராக்கிங்தான் இருக்கே’ என்று டிக் போடாமல் விட்டுவிட்டார்.

மார்ச் 10-ஆம் தேதி டெலிவரி ஆகிவிட்டது. சந்தைத்தளம் வாங்கியவருக்குச் சொல்லியிருந்த கடைசித் தேதி மார்ச் 14. ஒரு மாதம் ஒரு சத்தமும் இல்லை. நன்றி என்றும் சொல்லவில்லை, குறை என்றும் சொல்லவில்லை.

ஏப்ரல் 12, சனிக்கிழமை. விஷுவுக்குக் கடையை அடைத்துவிட்டு அக்கா குடும்பத்தோடு ஊருக்குக் கிளம்பிவிட்டார். அன்றைக்குத்தான் புகார் வந்து விழுந்தது: ‘பொருள் வரவில்லை.’

வியாழக்கிழமை திரும்பி வந்தவரிடம் கொழுந்தன்தான் முதலில் கேட்டார். “மதினி, மெயிலைப் பார்த்தீங்களா? அந்த அமெரிக்காக்காரன் பணத்தை எடுத்துட்டான்.”

“எப்படி எடுப்பான் தம்பி? டெலிவர்டுன்னு காட்டுதே!”

காட்டியது உண்மை. பணம் போனதும் உண்மை.

எங்கே ஓட்டை விழுந்தது?

முதல் ஓட்டை 768 என்ற அந்த எண். ஈபேயிலும் பேபாலிலும் ஒரு வரம்பு இருக்கிறது, 750 டாலர். அதற்குக் கீழே என்றால், பொருள் சரியான ஊருக்கு டெலிவரி ஆனதைக் காட்டும் டிராக்கிங் பெரும்பாலும் உங்களைக் காப்பாற்றிவிடும். 750-ஐத் தொட்டுவிட்டாலோ பெறுபவர் கையெழுத்து இருந்தே ஆக வேண்டும். கையெழுத்து இல்லாத ‘டெலிவர்டு’ அங்கே செல்லாக்காசு.

அக்காவுக்கும் இந்த வரம்பு தெரியும். ஆனால் பெட்டி விலை 690 தானே என்று இருந்துவிட்டார். ஈபேயில் பார்ப்பது பொருளின் விலையை மட்டும் அல்ல. அனுப்பும் செலவு, வரி எல்லாம் சேர்த்து வாங்கியவர் கட்டிய மொத்தத் தொகையைத்தான்.

இதை மனதில் எழுதிக்கொள்ளுங்கள். 650 டாலருக்கு மேல் விலை போட்ட பொருள் எதுவும் 750-ஐத் தாண்டக்கூடிய பொருள்தான்.

இரண்டாவது ஓட்டை நாள் கணக்கு. சொன்ன கடைசித் தேதியிலிருந்து 30 நாள் வரை வாங்கியவர் புகார் போடலாம் என்பது ஈபேயின் விதி. மார்ச் 14-லிருந்து எண்ணினால் ஏப்ரல் 13. புகார் வந்தது 12-ஆம் தேதி. கடைசிக்கு முந்தின நாள்! விற்பவர் பதில் சொல்லவோ மூன்று வேலை நாள்தான். திங்கள், செவ்வாய், புதன். விஷுவும் நம் ஊர்ப் பயணமும் அவர்கள் காலண்டரில் கிடையாது. மூன்று நாள் ஆனதும் வாங்கியவர் தளத்தைத் தலையிடச் சொன்னார். பதில் இல்லாத விற்பனையாளருக்கு எதிராகத் தீர்ப்பு எழுத எவ்வளவு நேரம் ஆகும்?

மூன்றாவதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. கொரியருக்கு இன்ஷூரன்ஸ் கட்டியிருந்தாரே, அங்கே கேட்கலாம் என்று போனார். அவர்கள் சொன்ன பதில்: “எங்கள் பதிவில் பொருள் டெலிவரி ஆகிவிட்டது. தொலைந்தால்தான் இழப்பீடு.”

பாருங்கள் கொடுமையை! சந்தைத்தளத்துக்கு அந்த ‘டெலிவர்டு’ போதவில்லை. கொரியருக்கு அதே ‘டெலிவர்டு’ போதும். ஒரே சொல்லை வைத்து இரண்டு பக்கமும் கதவைச் சாத்தினார்கள். பெட்டியும் போச்சு, பணமும் போச்சு, அனுப்பிய செலவும் போச்சு. மேல்முறையீட்டில் வாசல்படியில் பார்சல் இருக்கும் போட்டோவைக் காட்டினார். கையெழுத்துக்குப் பதிலாகப் போட்டோவை ஏற்கமாட்டோம் என்றார்கள்.

அந்த அமெரிக்கர் திருடரா? தெரியாது. வாசலில் வைத்த பார்சலை வேறு யாராவது தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். அங்கே அது அடிக்கடி நடப்பதுதான். தெரியவே வராது என்பதுதான் இதில் இருக்கும் விஷம். ஏமாற்றுகிறவரும் ஏமாந்தவரும் ஒரே வாக்கியத்தைத்தான் எழுதுவார்கள். அதனால் ஆளைப் பார்த்து எடைபோட்டுத் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள். உங்களைக் காப்பாற்றுவது தாள் மட்டும்தான்.

ஏமாற்றுவதைத் தொழிலாகவே செய்கிறவர்களும் உண்டு. சந்தேகமே வேண்டாம். 2017-இல் டெல்லி திரிநகரில் 21 வயதுப் பையன் ஒருவன் அமேசானில் 166 போன்களை வரவழைத்து, பெட்டி காலி என்று சொல்லிச் சொல்லி 50 லட்சம் ரூபாய் அளவுக்குத் திரும்ப வாங்கிவிட்டதாகப் போலீஸ் பிடித்தது. அதற்கென்றே வண்டி வண்டியாக சிம் கார்டு. 2023 டிசம்பரில் ‘REKK’ என்ற கும்பல் மேல் அமேசான் அமெரிக்காவில் வழக்குப் போட்டது. டெலிகிராமில் ஆள் பிடித்து, ‘பொருளும் உனக்கு, பணமும் உனக்கு, எங்களுக்குக் கமிஷன்’ என்று நடத்திய வியாபாரம். மலை மாதிரி நிறுவனத்துக்கே இந்தக் கதி. மட்டாஞ்சேரியில் ஒற்றை ஷட்டர் கடை வைத்திருப்பவர் எந்த மூலைக்கு?

எப்போது மனசு திடுக்கென்று ஆக வேண்டும்?

பணம் கட்டிய பிறகு விலாசத்தை மாற்றச் சொன்னால். “நான் ஊரில் இல்லை, என் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்” என்று அன்பாகத்தான் எழுதுவார்கள். அனுப்பினீர்களோ, முடிந்தது. ஆர்டரில் இருக்கும் விலாசத்துக்கு அனுப்பினால்தான் பேபாலின் விற்பனையாளர் பாதுகாப்பு கிடைக்கும், ஈபேயின் பாதுகாப்பும் அப்படித்தான். வேறு ஊரின் அஞ்சல் குறியீட்டைக் காட்டும் டிராக்கிங் உங்களுக்கு எதிரான சாட்சி ஆகிவிடும். ஆர்டரை ரத்து செய்து, புது விலாசத்தோடு மறுபடி போடச் சொல்லுங்கள். உண்மையான ஆள் போடுவார். மற்றவர் காணாமல் போவார்.

கஸ்டம்ஸ் தாளில் விலையைக் குறைத்துப் போடச் சொன்னால். “கிஃப்ட் என்று எழுதுங்கள், 20 டாலர் என்று எழுதுங்கள்.” 800 டாலர் வரையிலான பொருளுக்கு அமெரிக்கா கொடுத்துவந்த தீர்வைச் சலுகை 2025 ஆகஸ்ட் 29-உடன் போய்விட்டது. அப்புறம் இந்தக் கெஞ்சலுக்குக் கேட்கவா வேண்டும்? இணங்காதீர்கள். பொய்க் கணக்கு எழுதிய குற்றம் ஒரு பக்கம். நாளைக்குப் பார்சல் தொலைந்தால் 20 டாலருக்குத்தான் இழப்பீடு கேட்க முடியும். அந்தத் தாளில் உங்கள் கையெழுத்துதான் இருக்கும்.

தீர்வை கட்ட மாட்டேன் என்று வாங்கியவர் முரண்டு பிடித்தால். பார்சல் அங்கேயே முடங்கும். பத்து நாள் கழித்து ‘வரவில்லை’ புகார் வரும். தீர்வை பாக்கி என்று டிராக்கிங் காட்டும் திரையை அன்றைக்கே படம் பிடித்து, சந்தைத்தளத்தின் செய்திப் பெட்டியிலேயே அவருக்கு அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் வேண்டாம். அங்கே பேசியது புகாரை விசாரிப்பவர் கண்ணில் படாது.

பணத்தை வேறு வழியில் கேட்டால். “புகாரை மூடிவிடுகிறேன், என் வங்கிக் கணக்குக்கு நேராக அனுப்பிவிடுங்கள்.” கூடவே கூடாது! நீங்கள் அனுப்பியதைத் தளம் அறியாது. அவர் அங்கேயும் வாங்குவார். அதற்கு மேல் கார்டு கொடுத்த வங்கியில் ‘சார்ஜ்பேக்’ போட்டு இன்னொரு தரம் கேட்பார். ஈபேயில் 30 நாள் முடிந்தது என்று நிம்மதியாக இருக்க முடியாது. பேபாலில் பணம் கட்டிய நாளிலிருந்து 180 நாள் வரை தகராறு கிளப்பலாம். கார்டில் சாதாரணமாக 120 நாள். திருப்பித் தருவதாக இருந்தால் பணம் வந்த வழியிலேயே, அந்த ஆர்டரிலேயே தாருங்கள்.

டெலிவரி ஆன பிறகு நீண்ட மௌனம் சாதித்து, கெடு முடியும் சமயத்தில் புகார் வந்தாலும் சந்தேகப்படலாம். ஆனால் அதை எழுத்தில் காட்டிக்கொள்ளாதீர்கள். “நீ திருடன்” என்று ஒரு வரி எழுதினால் விதியை மீறியவர் நீங்கள் ஆகிவிடுவீர்கள்.

எந்தச் சான்று எதற்கு?

இங்கேதான் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுகிறார்கள். பொருளைக் கட்டும்போது வீடியோ எடுத்து வைத்துவிட்டு, அதுவே கவசம் என்று இருக்கிறார்கள். வரவில்லை என்ற புகாருக்கு அந்த வீடியோ உதவவே உதவாது. நீங்கள் கட்டினீர்கள் என்பதை யார் மறுத்தார்கள்? வந்ததா என்பதுதான் கேள்வி.

அதற்கு வேண்டியவை மூன்றுதான். டிராக்கிங்கில் டெலிவரி ஆன தேதி. அது ஆர்டரில் உள்ள ஊருக்கும் அஞ்சல் குறியீட்டுக்கும் பொருந்துவது. வரம்புக்கு மேல் என்றால் கையெழுத்து.

தபாலில் அனுப்பினால், முன்னால் இரண்டு எழுத்து, நடுவில் ஒன்பது இலக்கம், கடைசியில் IN என்று 13 இடங்கள் கொண்ட எண் தருவார்கள். அதை நம் ஊர் அஞ்சல் தளத்தில் மட்டும் பார்த்துவிட்டு மூடாதீர்கள். போன நாட்டின் அஞ்சல் தளத்திலும் அதே எண்ணைப் போடுங்கள். நம் பக்கத்தில் வெறும் டெலிவரி என்று இருப்பது அமெரிக்கத் தளத்தில் விவரமாக இருக்கும். `Delivered, Left with Individual` என்றால் ஆள் கையில் கொடுத்திருக்கிறார்கள். `Delivered, Front Door/Porch` என்றால் வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். வாசல் என்று வந்தால் அன்றைக்கே வாங்கியவருக்கு ஒரு வரி: ‘பார்சல் உங்கள் வாசலில் வைக்கப்பட்டதாகத் தெரிகிறது, எடுத்துக்கொண்டீர்களா?’ “கிடைத்தது” என்று அவர் அந்தச் செய்திப் பெட்டியில் பதில் போட்டால், கையில் வலுவான சான்று. அக்கா அந்த ஒரு வரியை எழுதவில்லை.

அந்தத் திரைகளை உடனே படம் பிடித்து வையுங்கள். டிராக்கிங் விவரம் நிரந்தரமாக இருக்காது. சில மாதத்தில் அழித்துவிடுவார்கள். சார்ஜ்பேக் அதற்குப் பிறகு வரும்.

வீடியோ வேறு சண்டைக்கு உதவும். ‘பெட்டி காலியாக வந்தது’, ‘கல்லைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்’ என்ற சண்டைக்கு. அதிலும் வீடியோவைவிடப் பெரிய சாட்சி எடை. புக்கிங் ரசீதில் எத்தனை கிராம் என்று அச்சாகியிருக்கும். அது நீங்கள் சொன்னது அல்ல, மூன்றாம் ஆள் நிறுத்துச் சொன்னது. அந்த ரசீதை எழுத்து மங்குவதற்குள் போட்டோ எடுத்துவிடுங்கள். திருப்பி வந்த பார்சல் என்றால் பிரிப்பதற்கு முன்னால் தராசில் வைத்து, லேபிளும் எடையும் ஒரே படத்தில் தெரிய எடுங்கள். வெட்டு ஒட்டு இல்லாமல் ஒரே மூச்சில் வீடியோ ஓட வேண்டும். இன்னொரு தந்திரமும் இருக்கிறது. வெறும் உறையை உங்கள் ஊரிலேயே வேறு விலாசத்துக்கு அனுப்பிவிட்டு, டிராக்கிங்கில் ‘திருப்பியாச்சு’ என்று காட்டுவார்கள். அப்போது கொரியரிடம் எந்த விலாசத்தில், எத்தனை கிராம் கொடுத்தார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சான்று எப்படிப் பேசும் என்பதற்கு எர்ணாகுளம் மாவட்டத்திலேயே உதாரணம் இருக்கிறது. 2021 அக்டோபர். ஆலுவாக்காரர் ஒருவர் 70,900 ரூபாய் கொடுத்து ஐபோன் வாங்கினார். பெட்டிக்குள் பாத்திரம் தேய்க்கும் சோப்பும் ஐந்து ரூபாய் நாணயமும்! அவர் ஏமாற்றுக்காரர் அல்ல, ஏமாந்தவர். ஆனால் புத்திசாலி. சந்தேகம் வந்ததால் டெலிவரி ஆள் முன்னாலேயே வீடியோ எடுத்துக்கொண்டு பிரித்தார். சைபர் போலீஸ் போனின் ஐஎம்இஐ எண்ணைத் தேட, அது ஜார்க்கண்டில் அதற்கு முன்பே ஓடிக்கொண்டிருந்தது தெரிந்தது. பணம் திரும்பியது. வெட்டாத வீடியோ, மூன்றாம் ஆள் சாட்சி, பொருளின் எண். வாங்குபவரைக் காப்பாற்றிய இந்த மூன்றும் விற்பவரையும் காப்பாற்றும். எண் இல்லாத மரப்பெட்டி என்றால் அடியில் ஒரு கீறலையோ அடையாளத்தையோ கிட்டத்தில் படம் எடுத்து வையுங்கள்.

புகார் வந்துவிட்டதா?

அன்றைக்கே பதில். சான்று எல்லாம் சேரட்டும் என்று காத்திருக்காதீர்கள். டிராக்கிங் எண்ணையும் திரையின் படத்தையும் முதலில் புகாருக்குள் ஏற்றுங்கள். கூடவே, பக்கத்து வீட்டில் விசாரித்தீர்களா, கட்டட அலுவலகத்தில் கேட்டீர்களா, அங்குள்ள தபால் நிலையத்தில் புகார் கொடுத்தீர்களா என்று மரியாதையாகக் கேளுங்கள். உண்மையில் பொருளை இழந்தவர் ஓடி ஓடிக் கேட்டுவிட்டுப் பதில் சொல்வார். ‘எனக்கு எதுவும் தெரியாது, பணம் வேண்டும்’ என்று மட்டும் திரும்பத் திரும்ப வந்தால் அதுவும் பதிவில் இருக்கட்டும். கொரியரிடம் விசாரணை போட்டு, அந்த எண்ணையும் சேருங்கள்.

உள்நாட்டு வியாபாரம் மட்டும்தான் என்று அலட்சியமாக இருக்காதீர்கள். இங்கே வழி கொஞ்சம் சுலபம், ஓடிபி இருக்கிறது. ஸ்பீட் போஸ்ட்டிலேயே 2025 அக்டோபர் முதல் ஓடிபி சொன்னால்தான் கையில் கொடுக்கும் வசதி வந்திருக்கிறது, கூடுதலாக 5 ரூபாயும் ஜிஎஸ்டியும். கவுன்டரில் நீங்கள்தான் கேட்க வேண்டும்.

ஆனால் இங்கே வேறு ஒரு பள்ளம். வாங்கியவர் தன் ஊரிலேயே நுகர்வோர் ஆணையத்தில் உங்கள் மேல் வழக்குப் போடலாம். நோட்டீஸ் வந்தால் 30 நாளுக்குள் எழுத்தில் பதில். மிஞ்சிப்போனால் இன்னும் 15 நாள் தருவார்கள். 45 நாளைத் தாண்டினால் எந்தக் காரணமும் எடுபடாது என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வே 2020-இல் சொல்லிவிட்டது. ‘பொய்ப் புகார்தானே, கிடக்கட்டும்’ என்று அலமாரியில் போட்ட நோட்டீஸ், உங்களைக் கேட்காமலேயே தீர்ப்பாகத் திரும்பி வரும். ஸ்கிரீன்ஷாட்டை நீதிமன்றத்தில் காட்ட, 2024 ஜூலையிலிருந்து நடப்பில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவில் சொன்ன சான்றிதழ் இணைக்க வேண்டும். போனையே மாற்றிவிட்டு, கோப்பு எங்கே என்று தேடினால் வக்கீலும் கைவிரிப்பார்.

இப்போது ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் கணக்கைத் திறந்து, இன்னும் வழியில் இருக்கும் பார்சல்களைப் பாருங்கள். வாங்கியவர் கட்டிய மொத்தம் 750 டாலரைத் தொட்டுவிட்ட பார்சல், கையெழுத்து இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறதா? கொரியருக்குப் போன் போடுங்கள். டெலிவரிக்கு வண்டி கிளம்புவதற்கு முன்னால் சொன்னால் கையெழுத்தைச் சேர்த்துத் தரும் கொரியர்கள் உண்டு. வாசலில் வைத்த பிறகு அவர்களாலும் ஒன்றும் செய்ய முடியாது.